மளிகையை மூடும் முன் வாடகையைச் சரியாகப் பிரியுங்கள்

கேள்வி: கும்பகோணத்தில் கீழும் மாடியுமாக ஒரு கடை நடத்துகிறேன். கீழே மளிகையும் பாத்திரமும், மாடியில் ரெடிமேட் துணி. மாத விற்பனை மளிகையில் 12 லட்சம், துணியில் 5 லட்சம், பாத்திரத்தில் 3 லட்சம். வாடகை 90,000, கரண்ட் 28,000, மேனேஜர் சம்பளம் 30,000. இந்த மூன்றையும் விற்பனை விகிதத்தில் பிரித்துதான் கணக்கு எழுதுகிறோம். மளிகை மாதம் 4,800 ரூபாய் நஷ்டம் காட்டுகிறது. துணிப் பிரிவை என் மைத்துனர் பார்த்துக்கொள்கிறார், அந்தப் பிரிவின் லாபத்தில் அவருக்கு 20%. மளிகையை மூடிவிட்டு அங்கேயும் துணி போடலாம் என்கிறார். ஒரு ஆப் மூலம் 15 லட்சம் கடன் இரண்டே நாளில் வருமாம், 14% பிளாட் வட்டி, 5 வருடம். கணக்கு விவரம் இணைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: கடனில் கையெழுத்துப் போடாதீர்கள். மளிகையையும் மூடாதீர்கள். நீங்கள் அனுப்பிய கணக்கில் கொள்முதல், சரக்கிருப்பு, ஆள் சம்பளம் எல்லாம் பிரிவு வாரியாகத் தெளிவாக இருக்கின்றன. கெடுதல் ஒரே ஒரு பழக்கத்தில் இருக்கிறது. பொதுச் செலவு எதுவானாலும் விற்பனை விகிதத்தில் பிரித்துவிடுகிறீர்கள்.

மளிகை விற்பனை மொத்தத்தில் 60%. அதனால் வாடகையிலும் 60%, கரண்டிலும் 60%, மேனேஜர் சம்பளத்திலும் 60% அதன் தலையில் விழுகிறது. ஆனால் வாடகை விற்பனையைப் பார்த்து வருவதில்லை, இடத்தைப் பார்த்து வருகிறது. மாடியில் ஏசி ஓடுவதற்கும் கீழே துவரம்பருப்பு விற்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒவ்வொரு செலவும் எதனால் உண்டாகிறதோ அதை வைத்துத்தான் அதைப் பிரிக்க வேண்டும்.

முதலில் வாடகை. மளிகை 800 சதுர அடி, பாத்திரம் 400, துணி 1,200. வெறும் சதுர அடியில் பிரித்தால் மளிகைக்கு 30,000 வரும். அதுவும் முழுக்கச் சரியில்லை. தெருவைப் பார்த்த கீழ்த்தளமும் படியேறிப் போகும் மாடியும் ஒரே வாடகைக்குப் போகாது. உங்கள் தெருவில் கீழ்த்தளத்துக்கு மாடியைப் போல இரண்டு மடங்கு கேட்பார்கள் என்று வைத்துக்கொள்கிறேன், அக்கம்பக்கத்தில் விசாரித்து இதைத் திருத்திக்கொள்ளுங்கள். அப்படியானால் கீழே சதுர அடிக்கு 50 ரூபாய், மேலே 25. மளிகைக்கு 40,000, பாத்திரத்துக்கு 20,000, துணிக்கு 30,000.

அடுத்தது கரண்ட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லைப் பாதியாக்கித்தான் 28,000 எழுதியிருக்கிறீர்கள், அது சரி. மாடியில் இரண்டு டன் ஏசி இரண்டு, ஒவ்வொன்றும் சுமார் 2 கிலோவாட். பத்து மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 40 யூனிட். ஷோகேஸ் விளக்கு, டிரையல் ரூம் எல்லாம் சேர்த்து 55 என்று வைக்கலாம். மளிகையில் ஃப்ரீசரும் விளக்கும் 20, பாத்திரம் 5. இந்த விகிதத்தில் துணிக்கு 19,250, மளிகைக்கு 7,000, பாத்திரத்துக்கு 1,750. இது உத்தேசம்தான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாடிக்கும் மளிகைக்கும் தனித்தனி சப் மீட்டர் போடச் சொன்னால் இரண்டு மாதத்தில் உண்மை நிலவரம் தெரிந்துவிடும். ஏசி இடையிடையே நின்று ஓடுவதால் உத்தேசக் கணக்கு கொஞ்சம் கூடுதலாகவே காட்டக்கூடும்.

மேனேஜர் சம்பளத்துக்கு அவருடைய நேரம்தான் அடிப்படை. ஒரு மாதம் எந்தப் பிரிவில் எவ்வளவு நேரம் போகிறது என்று ஒரு நோட்டில் அவரையே குறிக்கச் சொல்லுங்கள். துணியில் சைஸ் மாற்றித் தருவது, ரிட்டர்ன் எடுப்பது, வியாபாரிகளிடம் பேசுவது என்று பாதி நாள் போய்விடும் என்பது என் கணிப்பு. துணி 15,000, மளிகை 9,000, பாத்திரம் 6,000 என்று எடுத்துக்கொள்கிறேன்.

விற்பனை விகிதம் எதற்குமே ஆகாது என்று சொல்லவில்லை. விளம்பரத்துக்கும் கார்டு மெஷின் கட்டணத்துக்கும் அதுதான் பொருத்தம். கடை முழுவதற்கும் வாங்கிய பழைய கடனின் வட்டி போன்றவற்றை எந்தப் பிரிவிலும் திணிக்காமல் பொது லாப நஷ்டக் கணக்குக்கே கொண்டுபோங்கள்.

சரி, இப்போது கூட்டிப் பார்ப்போம். கொள்முதலும் ஆள் சம்பளமும் போக மளிகையில் நிற்பது 84,000, துணியில் 89,000, பாத்திரத்தில் 42,000. பொதுச் செலவில் மளிகையின் பங்கு 56,000, துணியின் பங்கு 64,250, பாத்திரத்தின் பங்கு 27,750. ஆக மளிகை 28,000 லாபம், துணி 24,750, பாத்திரம் 14,250. மொத்தம் அதே 67,000தான், ஒரு ரூபாய் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் நஷ்டம் என்று எழுதிவைத்திருந்த பிரிவுதான் முதலிடத்தில் நிற்கிறது.

என் அடிப்படைகளை நீங்கள் முன்னே பின்னே மாற்றலாம். வாடகையை வெறும் சதுர அடியில் பிரித்தால் மளிகை இன்னும் 10,000 கூடுதலாகக் காட்டும். மளிகைக்கு மேனேஜர் நேரத்தில் பாதியைக் கொடுத்தாலும் அது நஷ்டத்துக்குப் போகாது.

மூடுவதா வேண்டாமா என்பதற்கு இந்தப் பங்கீடுகூடத் தேவையில்லை. அந்த 84,000ஐப் பாருங்கள். நாளைக்கே மளிகையை மூடினால் அது முழுவதும் போய்விடும். மிச்சமாவது 7,000 ரூபாய் கரண்ட் மட்டும்தான். வீட்டுக்காரர் வாடகையைக் குறைக்கப் போவதில்லை, மேனேஜருக்கும் முழுச் சம்பளம் தந்தாக வேண்டும். மாதம் 77,000 குறையும். இப்போது 67,000 லாபம் தரும் கடை 10,000 நஷ்டத்துக்குப் போகும்.

அதன் மேல் கடன். பிளாட் வட்டி என்றால் நீங்கள் அசலைக் கட்டக் கட்ட வட்டி குறையாது, 15 லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை வட்டி ஓடும். வட்டி மட்டும் 10.5 லட்சம், மாதத் தவணை 42,500. குறையும் அசலுக்கு வட்டி போடும் வங்கிக் கடனோடு ஒப்பிட்டால் இது சுமார் 23%. இரண்டு நாளில் பணம் வருகிறது என்பதற்காக இந்த விலை கொடுப்பது எனக்குச் சரியாகவே படவில்லை.

இழக்கும் 77,000, தவணை 42,500, இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 1.2 லட்சம். துணி விற்பனையில் கொள்முதல் மட்டும் போக உங்களுக்கு நிற்பது 25%. அப்படியானால் மாதம் கிட்டத்தட்ட 4.8 லட்சம் ரூபாய்க்குக் கூடுதலாகத் துணி விற்றால்தான் இன்றைய நிலையிலேயே நிற்பீர்கள். இப்போது விற்பதே 5 லட்சம்தான். புதிய ஆட்களின் சம்பளமும் கீழ்த்தளத்துக்கு ஏசியும் இதில் சேரவில்லை. தீபாவளி முடிந்து தேங்கும் சரக்கைத் தள்ளுபடியில் தள்ளினால் அந்த 25%மும் நிற்காது.

உங்கள் மைத்துனர் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் காட்டிய கணக்கை நம்பித்தான் பேசுகிறார். ஆனால் அந்தக் கணக்கில் துணியின் லாபம் 52,000, அவர் பங்கு 10,400. சரியான கணக்கில் அவர் பங்கு 4,950. மாதம் 5,450 ரூபாய் மளிகையின் உழைப்பிலிருந்து அவருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கொடுத்ததைத் திரும்பக் கேட்டு உறவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வரும் ஏப்ரலிலிருந்து புதிய முறை என்று இப்போதே உட்கார்ந்து பேசி, எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். மாடி ஏசிக்கு சப் மீட்டர் போட்டபின் அதை அணைப்பதில் அவருக்கே அக்கறை வரும்.

அப்புறம் ஒன்று. உங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் மளிகைச் சாமான் கடையிலிருந்துதான் போகும் என்று நினைக்கிறேன். உங்கள் கணக்கில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. பில் போடாமல் எடுத்தால் அந்தத் தொகை அப்படியே மளிகையின் லாபத்தைக் குறைக்கும். இந்த மாதத்திலிருந்து கொள்முதல் விலையில் பில் போட்டு, உங்களுடையதைச் சொந்தப் பற்றிலும் அவருடையதை அவர் பங்கிலும் கழித்துவிடுங்கள்.