ஆப்பில் பார்க்கும் முகத்தை நம்பி ஆளைக் கூப்பிடலாமா?

கேள்வி: கீசர் சரிபார்க்க ஆப்பில் இரண்டு எலக்ட்ரீஷியன்கள் வருகிறார்கள். ஒருவர் சிரித்த முகம், பார்த்ததுமே நல்லவராகத் தெரிகிறார். 12 பேர் மதிப்பிட்டு 4.9. இன்னொருவர் முறைப்பது போல இருக்கிறார். 640 பேர், 4.7. வீட்டில் அம்மா மட்டும்தான் இருப்பார். முதலாமவரையே கூப்பிடட்டுமா?

பதில்: இரண்டாமவரைக் கூப்பிடுங்கள்.

முகத்தைப் பார்த்து ‘இவரை நம்பலாம்’ என்று தோன்ற நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் போதும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வில்லிஸும் டோடோரோவும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. கூடுதல் நேரம் கொடுத்தபோதும் கணிப்பு பெரிதாக மாறவில்லை. அதன் மேலிருந்த உறுதிதான் கூடியது. பலருக்கும் ஒரே மாதிரி தோன்றுவதால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

உண்மையில் நாம் பார்ப்பது குணத்தை அல்ல, முகத்தில் தெரியும் உணர்ச்சியின் சாயலை. உதட்டோரம் சற்று மேலே வளைந்திருந்தால் அன்பானவராகவும், புருவம் இறங்கியிருந்தால் கோபக்காரராகவும் தெரியும். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாலே புருவம் இறங்கிவிடும்.

கேமரா இருக்கும் தூரமும் முகத்தை மாற்றும். அதே ஆட்களை 45 செ.மீ. தூரத்திலும் 135 செ.மீ. தூரத்திலும் படமெடுத்து, ஒரே அளவாக்கிக் காட்டிய ஆய்வு 2012இல் வந்தது. கிட்டத்தில் எடுத்த படங்களுக்கு நம்பகத்தன்மை மதிப்பெண் குறைந்தது. கிட்டத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகி, காதுகள் பின்னுக்குப் போய்விடும். கையை நீட்டி எடுக்கும் செல்ஃபி ஏறக்குறைய அந்தத் தூரம்தான். உங்கள் இரண்டாமவர் வேலைக்கு நடுவே வெயிலில் செல்ஃபி எடுத்திருக்கலாம். முதலாமவர் ஸ்டுடியோவுக்குப் போயிருக்கலாம். படங்களை மாற்றி எடுத்திருந்தால் உங்கள் தேர்வும் மாறியிருக்கும்.

ஆகவே படத்தைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு எண்களைப் பாருங்கள். முதலாமவருக்கு இன்னொருவர் ஒரே ஒரு ஸ்டார் கொடுத்தால் 4.9 என்பது 4.6 ஆகிவிடும். இரண்டாமவருக்கு அதே ஒரு ஸ்டார் விழுந்தாலும் 4.7 அப்படியே நிற்கும். ரேட்டிங்கும் முழுக்க அப்பழுக்கற்றதல்ல, சிரித்த முகத்துக்குச் சிலர் தாராளமாகப் போடுவார்கள். அதனால் குறைந்த ஸ்டார் விமர்சனங்களை முதலில் படியுங்கள். ‘தாமதமாக வந்தார்’ என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். ‘புக்கிங்கை ரத்து செய்துவிட்டு நேரில் பணம் கொடுக்கச் சொன்னார்’ என்று இரண்டு பேர் எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள்.

படத்துக்கு ஒரு வேலை உண்டு: வாசலில் நிற்பவர் புக் செய்த ஆள்தானா என்று பார்ப்பது. முன்பின் தெரியாத முகத்தைப் படத்தோடு ஒப்பிடும்போதும் கண் எளிதில் தவறும். அதனால் பெயரையும் கேட்டு, ஆப் வழியாகவே ஒரு முறை போன் செய்து அவர் கையிலுள்ள போன் அடிக்கிறதா என்று அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஓடிபி சொன்னால் போதும். ஹீட்டிங் எலிமென்ட்டோ தெர்மோஸ்டாட்டோ மாற்றினால் பில்லோடு பழைய பாகத்தையும் கேட்டு வாங்கி வைக்கட்டும்.