ஒரே ஊர், ஒரே தரவு, இரண்டு கினி கெழுவா?

கேள்வி: எம்.ஏ. ஆய்வுக்காக ஒரு கிராமத்தில் 100 குடும்பங்களின் மாத வருமானத்தைக் கேட்டு எழுதினேன். இருபது இருபதாக ஐந்து பிரிவாக்கி, லாரன்ஸ் வளைகோடு வரைந்து கணக்கிட்டதில், வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி கெழு 0.392 வந்தது. என் தோழி அதே தரவைக் கணினியில் அப்படியே போட்டால் 0.42 என்கிறது. யார் கணக்கு தப்பு? இந்தியாவுக்கு 25.5 என்று செய்தியில் படித்தேன். எங்கள் ஊர் அவ்வளவு மோசமா?

பதில்: இரண்டு பேர் கணக்கிலும் தப்பில்லை. நீங்கள் அனுப்பிய அட்டவணையை நானும் போட்டுப் பார்த்தேன். ஐந்து பிரிவுகளின் வருமானப் பங்கு கீழிருந்து மேலாக 6, 10, 14, 20, 50 சதவீதம். கூட்டிக்கொண்டே போனால் 6, 16, 30, 50, 100. சுழியையும் சேர்த்து இந்தப் புள்ளிகளை இணைத்தால் கோட்டுக்குக் கீழே ஒரு முக்கோணமும் நான்கு சரிவகங்களும் கிடைக்கும். அவற்றின் பரப்பு 0.006, 0.022, 0.046, 0.080, 0.150, மொத்தம் 0.304. மூலைவிட்டமான சமத்துவக் கோட்டுக்குக் கீழே இருப்பது 0.5. இரண்டுக்கும் இடைப்பட்ட 0.196ஐ 0.5ஆல் வகுத்தால் உங்கள் 0.392 வந்துவிடுகிறது. (சரிவகத்துக்குப் பதில் செவ்வகமாகப் பெருக்கிவிடுவது மாணவர்கள் அடிக்கடி செய்கிற பிழை. அப்படிச் செய்திருந்தால் 0.192 என்று பாதியாகச் சரிந்திருக்கும்.)

அப்புறம் ஏன் வித்தியாசம்? புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தீர்கள் அல்லவா, அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு பிரிவுக்குள் கோடு நேராகப் போகிறது என்றால், அந்த இருபது குடும்பமும் ஒரே வருமானம் வாங்குகிறது என்று நீங்கள் சொல்லாமல் சொல்கிறீர்கள். உண்மை வளைகோடு ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் கொஞ்சம் கீழே தொங்கும். அந்தத் தொங்கலை நேர்கோடு வெட்டிவிடுவதால் கீழ்ப்பரப்பு கூடுகிறது, கெழு குறைகிறது. அதனால் பிரிவாக்கிக் கணக்கிட்ட எண் தனித்தனிக் குடும்பக் கணக்கை ஒருபோதும் மிஞ்சாது. உங்களுடையது பெரிதாக வந்திருந்தால்தான் எங்கோ பிழை என்று தேடியிருக்க வேண்டும்.

மேல் பிரிவை மட்டும் பிரித்துப் பாருங்கள். மொத்த வருமானம் 20 லட்சம் ரூபாயில் இந்த இருபது குடும்பங்களுக்கு 10 லட்சம், அதாவது சராசரி 50,000. ஆனால் அதில் கீழ்ப் பத்துக்குச் சராசரி 36,000, மேல் பத்துக்கு 64,000. நேர்கோடு 90 சதவீதக் குடும்பங்களிடம் 75 சதவீத வருமானம் இருப்பதாகக் காட்டுகிறது; உண்மையில் 68தான். இந்த ஒரு புள்ளியைச் சேர்த்ததுமே 0.150 என்ற பரப்பு 0.143 ஆகிறது, கெழு 0.406க்கு ஏறுகிறது. மீதி வித்தியாசம் மற்ற பிரிவுகளுக்குள்ளும் அந்த மேல் பத்துக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. குடும்பவாரித் தரவு கையில் இருக்கும்போது அதை ஏன் ஐந்தாகச் சுருக்க வேண்டும்? ஆய்வேட்டில் 0.42ஐயே போடுங்கள். ஐந்து பிரிவு அட்டவணையைப் படம் வரைய வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. வருமானத்தை ஏறுவரிசையில் அடுக்கிய பிறகே கூட்ட வேண்டும். கோடு எங்காவது மூலைவிட்டத்துக்கு மேலே போனாலோ, நடுவில் மேல்நோக்கிப் புடைத்தாலோ வரிசை கலைந்திருக்கிறது என்று அர்த்தம். விவசாயத்தில் நட்டப்பட்டு வருமானத்தைக் கழித்தல் குறியோடு எழுதிய குடும்பங்கள் இருந்தால் தொடக்கத்தில் கோடு சுழிக்குக் கீழே இறங்கும். அது வரைபடப் பிழை அல்ல, தரவே அப்படி.

சரி, 25.5 விஷயத்துக்கு வருவோம். உலக வங்கி 2022-23க்குச் சொல்லும் அந்த எண் நூறால் பெருக்கியது, உங்கள் அளவில் 0.255. ஆனால் அது வருமானத்தின் கெழு அல்ல, வீட்டு நுகர்வுச் செலவின் கெழு. மாதம் 6,000 சம்பாதிக்கிற குடும்பம் கடன் வாங்கியாவது 7,000க்குச் செலவு செய்யும். 64,000 வாங்குகிற குடும்பம் பாதியைச் சேமித்துவிடும். அதனால் செலவைப் பரப்பினால் வளைகோடு பொதுவாக மூலைவிட்டத்துக்கு நெருங்கி வரும். அது போதாதென்று, அங்கே தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு, உங்களிடம் குடும்பத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'எங்கள் ஊர் மோசம்' என்று எழுதினால் உங்கள் தேர்வாளர் முதலில் பிடிப்பது அந்த வரியைத்தான். ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் அதே குடும்பங்களிடம் மாதச் செலவையும் ஆள் எண்ணிக்கையையும் கேட்டு வாங்கி, ஆள்வாரியாகப் புதிதாக ஒரு வளைகோடு வரையுங்கள்.