902 ரூபாய் ஒருவர் பேரிலா, 890 ரூபாய் இருவர் பேரிலா?

“ஐயா, பள்ளிக்கூடத்துக்கு எதிரே நோட்டு, பேனா, மிட்டாய் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வயது 35, மனைவிக்கு 30. பி.எஃப். எதுவும் கிடையாது. அடல் பென்ஷன் திட்டத்தில் நாமாகவே சேர முடியுமா? மாதம் 900 ரூபாய் வரை கட்டலாம் என்று நினைக்கிறேன். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் வியாபாரம் படுத்துவிடும். எந்தத் தொகை எனக்குச் சரியாக வரும்?”

தாராளமாகச் சேரலாம். 18 முதல் 40 வயதுக்குள் இருப்பவர், சேமிப்புக் கணக்கு உள்ள வங்கியிலோ தபால் நிலையத்திலோ விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் போதும். கடைக்காரர்கள் பலர் தடுக்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. கடையின் வரவுசெலவு நடப்புக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்; இந்தத் திட்டத்துக்கோ உங்கள் பேரில் சேமிப்புக் கணக்கு வேண்டும். இல்லையென்றால் முதலில் ஒன்று திறந்துகொள்ளுங்கள். வருமான வரி கட்டுபவர்கள் 2022 அக்டோபர் 1 முதல் இதில் சேர முடியாது. உங்கள் வருமானம் வரி வரம்புக்குக் கீழேதான், கடனுக்காக மட்டும் ரிட்டர்ன் போட்டிருக்கிறீர்கள் என்றால், அது தடையில்லை.

இனி தொகைக்கு வருவோம். 35 வயதில் சேருபவர் மாதம் 902 ரூபாய் கட்டினால், 60 வயதுக்குப் பிறகு மாதம் 5,000 ரூபாய் வரும். உங்கள் கணக்கும் இதை ஒட்டித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நான் வேறு மாதிரி செய்யச் சொல்வேன். நீங்கள் 3,000 ரூபாய் பென்ஷனை எடுங்கள்; அதற்கு மாதம் 543 ரூபாய். உங்கள் மனைவியும் தன் பேரில் 3,000 ரூபாய் பென்ஷனை எடுக்கட்டும். 30 வயதுக்கு அது 347 ரூபாய். இரண்டும் சேர்ந்து 890. உங்கள் ஒருவர் பேரில் கட்டுவதைவிட 12 ரூபாய் குறைவு. ஆனால் இருவருக்கும் 60 ஆனபின் வீட்டுக்கு மாதம் 6,000 ரூபாய் வரும்.

இருவரில் ஒருவர் காலமானால் அவருடைய பென்ஷன் அதே தொகையாக மற்றவருக்குப் போகும். தன் பேரில் வரும் பென்ஷனும் நிற்காது. அதனால் தனியாக இருப்பவருக்கும் 6,000 தொடரும். இருவரும் இல்லாத காலத்தில் வாரிசுதாரருக்கு ஒரு கணக்குக்கு 5.1 லட்சம் வீதம் 10.2 லட்சம் போகும். ஒருவர் பேரில் மட்டும் 5,000 எடுத்திருந்தால் அது 8.5 லட்சம்தான்.

இதில் ஒரு குறையும் உண்டு. உங்களுக்கு 60 ஆகும்போது மனைவிக்கு 55தான் ஆகியிருக்கும். அந்த ஐந்து வருடமும் உங்கள் 3,000 மட்டும்தான் வரும். அவர் 347 கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 60 மாதத்துக்கு 20,820 ரூபாய். அப்படிப் பார்த்தாலும் எனக்கு இதுதான் நல்ல ஏற்பாடாகத் தெரிகிறது. கடையில் பாதி நேரம் நிற்பவர் உங்கள் மனைவி என்றால், அவர் பேரிலும் ஒரு பென்ஷன் இருப்பது நியாயமும்கூட.

அப்புறம் ஏப்ரல், மே. பணம் கணக்கிலிருந்து தானாகவே பிடிக்கப்படும். அந்த மாதக் கடைசி வரை இருப்பு இல்லையென்றால்தான் நிலுவை ஆகும். நிலுவைக்கு நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் வீதம் தாமதக் கட்டணம். அது பெரிய சுமையில்லை. இரண்டு மாதம் விட்டுவிட்டு ஜூனில் பள்ளி திறந்து பணம் போட்டதும் பழைய தவணைகளும் சேர்ந்து போய்விடும். இரண்டு கணக்கிலுமாக 2,670 ரூபாயும் தாமதக் கட்டணமும். நோட்டுப் புத்தகம் கொள்முதல் செய்ய வைத்திருந்த காசு அதுவாக இருந்தால்தான் சிக்கல். மார்ச்சிலேயே இரண்டு மாதத் தவணையான 1,780 ரூபாயைச் சேமிப்புக் கணக்குகளில் பிரித்துப் போட்டு, அதைத் தொடாமல் வைத்துவிடுங்கள்.

அவசரத்துக்கு இதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ள வழியில்லை. 60க்கு முன்னால் விருப்பப்பட்டு வெளியேறினால், கட்டிய பணமும் அதற்குச் சேர்ந்த வட்டியும், பராமரிப்புக் கட்டணம் போகத்தான் கிடைக்கும். சரக்கு வாங்கும் பணத்தை இதில் கொண்டுவந்து முடக்காதீர்கள். 25 வருடம் கழித்து 3,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு இருக்காது என்பதும் உண்மைதான். வருடத்துக்கு ஒருமுறை பென்ஷன் தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம். கூட்டினால் இதுவரைக்குமான வித்தியாசத்தை வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். அதனால் கூட்டுவதாக இருந்தால் சீக்கிரமே கூட்டுவது நல்லது.

விண்ணப்பம் கொடுத்த கையோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். பாஸ்புக்கில் 436 ரூபாயோ 20 ரூபாயோ பிடித்திருப்பதைப் பார்த்து, பென்ஷனில் சேர்ந்துவிட்டோம் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவை ஆயுள் காப்பீட்டுக்கும் விபத்துக் காப்பீட்டுக்கும் வருடம் ஒருமுறை பிடிக்கும் தொகை. உங்கள் பாஸ்புக்கில் 543, மனைவியுடையதில் 347 விழுந்திருக்க வேண்டும். இருவருக்கும் தனித்தனியே பிரான் எனப்படும் 12 இலக்க ஓய்வூதியக் கணக்கு எண் வந்திருக்க வேண்டும். அந்த எண்ணை வங்கியில் கேட்டு, பாஸ்புக்கின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

உங்கள் பிறந்த நாள் எப்போது? 36 ஆகிவிட்டால் இதே 3,000 ரூபாய் பென்ஷனுக்கு மாதம் 594 கட்ட வேண்டும். அதற்கு முன்னால் போய்விடுங்கள்.