ஒப்புதல் கடிதத்தில் தொகை ஏன் குறைந்தது? வீட்டுக் கடன் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே வருத்தத்தைச் சொல்கின்றன: "75 விழுக்காடு கிடைக்கும் என்றார்கள், கடிதத்தில் அது இல்லை." எல்லோருக்கும் முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வீட்டின் விலை ஒன்று, மதிப்பீட்டுத் தொகை ஒன்று. இரண்டில் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கி ஒப்புக்கொண்ட கடனை அதனால் வகுங்கள். விடை சரியாக 75, 55, 45 என்று வந்தால் உங்களைத் தடுத்தது மதிப்புக்கு எவ்வளவு கடன் தரலாம் என்ற எல்டிவி வரம்பு. 65.4, 69.7 என்று ஒட்டாத எண்ணாக வந்தால் பெரும்பாலும் தடுத்தது உங்கள் வருமானம். எது தடுத்தது என்று தெரியாமல் வங்கியிடம் வாதாடினால் பலன் இருக்காது.

ஈசூனில் 560,000 வெள்ளிக்கு மறுவிற்பனை வீடு பேசி முடித்தோம். 75 விழுக்காடு என்றால் 420,000 வரவேண்டும். கடிதத்தில் 408,750 என்றே இருக்கிறது. வங்கி தவறு செய்துவிட்டதா?
(வாசகர், ஈசூன்)

தவறில்லை. 408,750-ஐ 0.75-ஆல் வகுத்துப் பாருங்கள், 545,000 வரும். வீவக உங்கள் வீட்டுக்குச் சொன்ன மதிப்பு அதுவாகத்தான் இருக்கும். வங்கி உங்கள் விலையைப் பார்க்கவில்லை, மதிப்பைப் பார்த்தது. இரண்டில் குறைந்ததைத்தான் அது பார்க்கவேண்டும்.

நீங்கள் வைத்திருந்த முன் ஒப்புதல் வீட்டைப் பார்க்காமல் கொடுத்தது. அதில் உங்கள் வருமானம் மட்டுமே சரிபார்க்கப்பட்டிருக்கும். 2014 மார்ச் 10 முதல், விலை பேசி, வீட்டை வாங்கும் உரிமையைத் தரும் ஓடிபி பத்திரத்தை வாங்கிய பிறகுதான் வாங்குபவர் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். ஆகவே விலையை ஒப்புக்கொள்ளும் நாளில் மதிப்பு என்னவென்று இரு தரப்புக்குமே தெரியாது.

இப்போது உங்கள் ரொக்கக் கணக்கைத் திருத்துங்கள். விலைக்கும் மதிப்புக்கும் இடையிலான 15,000 வெள்ளி முழுவதும் ரொக்கம். அதற்கு மசேநிதியைத் தொட முடியாது. அதற்கு மேல், மதிப்பில் குறைந்தது 5 விழுக்காடு, அதாவது 27,250 வெள்ளியும் ரொக்கமாக வேண்டும். ஆக 42,250. பலர் 15,000-ஐக் கட்டிவிட்டால் அந்த 5 விழுக்காடு அதிலேயே அடங்கிவிடும் என்று நினைக்கிறார்கள். அடங்காது, இரண்டும் தனித்தனி.

விலை 650,000, வீவக மதிப்பு 620,000. எனக்கு 44 வயது, சம்பளம் 5,000. மனைவிக்கு 38, சம்பளம் 2,500. மாதத் தவணை குறையட்டும் என்று 25 ஆண்டுக் கடன் கேட்டோம். கடிதத்தில் 341,000 மட்டுமே. வேறு கடன் எதுவும் இல்லை. எங்கே போனது மீதி?
(வாசகர், செங்காங்)

இவரும் இவர் மனைவியும் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரில் வந்தார்கள். தேக்காவில் ஒரு காப்பிக்கடை மேசையில் விரித்துவைத்துப் பார்த்தோம். முதல் பக்கத்தில் கடன் தொகைக்குக் கீழே மஞ்சள் பேனாவால் கோடிட்டிருந்தார்கள். அதற்கு இரண்டு வரி கீழே 'கடன் காலம்: 300 மாதங்கள்' என்று இருந்தது. அதில் கோடு இல்லை. சிக்கல் முழுவதும் அந்த வரியில்தான் இருந்தது.

341,000-ஐ 620,000-ஆல் வகுத்தால் சரியாக 55 விழுக்காடு. முதல் வீட்டுக் கடனுக்கு 75 விழுக்காடு என்பது இரண்டு நிபந்தனைகளோடு வருகிறது. வீவக வீட்டுக்குக் கடன் காலம் 25 ஆண்டைத் தாண்டக்கூடாது. தனியார் வீடானால் 30 ஆண்டு. அதோடு கடன் முடியும்போது வயது 65-ஐத் தாண்டக்கூடாது. இதில் ஒன்று மீறினாலும் வரம்பு 55-க்கு இறங்கிவிடும். இவர்கள் முதல் நிபந்தனையைச் சரியாகக் காத்தார்கள், இரண்டாவதில் மாட்டிக்கொண்டார்கள்.

இருவர் சேர்ந்து கடன் வாங்கும்போது யாருடைய வயது? மூத்தவருடையதும் இல்லை, இளையவருடையதும் இல்லை. வருமானத்தை வைத்து எடுக்கும் சராசரி வயது. 44-ஐ 5,000-ஆலும் 38-ஐ 2,500-ஆலும் பெருக்கிக் கூட்டி, மொத்தச் சம்பளம் 7,500-ஆல் வகுத்தால் 42. 65-இல் 42 போக மிச்சம் 23 ஆண்டுகள். இவர்கள் கேட்டது 25. அந்த இரண்டு ஆண்டுதான் விழுங்கியது.

23 ஆண்டாகக் குறைத்தால் 75 விழுக்காடான 465,000 கிடைத்துவிடுமா என்று அந்தச் சகோதரி உடனே கேட்டார். அதுவும் கிடைக்காது. வரம்பு 465,000 வரை திறக்கும், ஆனால் அடுத்து வருமானக் கதவு இருக்கிறது. வீவக வீட்டுக்கு மாதத் தவணை வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. எம்எஸ்ஆர் என்பது இதுதான். இவர்களுக்கு அது 2,250 வெள்ளி. வங்கி உங்களிடம் இதைவிடக் குறைந்த வட்டி வாங்கினாலும், தகுதியைப் பார்க்க குறைந்தது 4 விழுக்காடு வட்டி என்று வைத்துத்தான் கணக்கிடவேண்டும். அந்த வட்டியில் 23 ஆண்டுக்கு ஒவ்வோர் ஆயிரம் வெள்ளிக் கடனுக்கும் மாதம் சுமார் 5.55 வெள்ளி தவணை. 2,250-ஐ அதால் வகுத்தால் ஏறக்குறைய 405,000 வெள்ளிக் கடன்.

25 ஆண்டுக்கு இதே வருமானக் கணக்கு 426,000 வரை இடம் தரும். காலம் நீண்டால் கடன் கூடும் என்று எல்லோரும் நம்புவது இதனால்தான். ஆனால் வங்கி இரண்டு கணக்கையும் போட்டு, சிறியதைத்தான் தரும். 25 ஆண்டில் சிறியது 341,000. 23 ஆண்டில் சிறியது 405,000. காலத்தைக் குறைத்தால் இவர்களுக்கு 64,000 வெள்ளி கூடுதலாகக் கிடைக்கிறது.

கையிலிருந்து போகும் ரொக்கத்திலும் வேறுபாடு பெரிது. 55 விழுக்காட்டு வரம்பில் மாட்டினால் கட்டாய ரொக்கம் 5 அல்ல, 10 விழுக்காடு. விலை வித்தியாசம் 30,000-ஐயும் சேர்த்தால் 92,000 ரொக்கம், மசேநிதியிலிருந்து 217,000. 23 ஆண்டானால் 61,000 ரொக்கம், மசேநிதியிலிருந்து 184,000. அவர்களிடம் 92,000 இல்லை. 61,000 இருந்தது.

கடிதத்தில் கையெழுத்திடாமல், கடன் காலத்தை 276 மாதமாக மாற்றித் திருத்திய கடிதம் கேட்கச் சொன்னேன். முதலில் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு மாற்றக் கேட்டால் ரத்துக் கட்டணம் வரலாம். நாளையும் எண்ணிக்கொள்ளவேண்டும். ஓடிபி 21 நாளுக்கு மட்டுமே. வங்கியின் ஒப்புதல் கடிதம் கையில் இல்லாமல் அதை நிறைவேற்ற முடியாது.

ஒரு எச்சரிக்கை. சம்பளத்தில் கமிஷன், மிகைநேரம் போன்றவை இருந்தால் அந்தப் பகுதியில் 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டுத்தான் சேர்ப்பார்கள். அப்போது சராசரி வயதும் நகரும், எம்எஸ்ஆர் தொகையும் நகரும். உங்கள் கணக்கு வங்கியின் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

கொண்டோ மறுவிற்பனையில் வாங்குகிறேன். விலை 1,380,000. வங்கி அதிகாரி தொலைபேசியில் "விலைக்கே மதிப்பு வரும்" என்றார். இப்போது மதிப்பீட்டு அறிக்கை 1,340,000 என்கிறது. அவர் சொன்னதைப் பிடித்துக்கொள்ள முடியுமா?
(வாசகி, பாசிர் ரிஸ்)

முடியாது, சகோதரி. தொலைபேசியில் சொல்வது உத்தேச மதிப்பு. உங்கள் கடிதத்தை எடுத்துத் தொகைக்குப் பக்கத்தில் இருக்கும் வாசகத்தைப் படியுங்கள். "விலை அல்லது மதிப்பு, எது குறைவோ அதில்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அச்சிட்டிருக்கும் 1,035,000 உச்சவரம்பு மட்டுமே. முறையான அறிக்கை வந்ததும் அது 1,340,000-இல் 75 விழுக்காடு, அதாவது 1,005,000 ஆகிவிடும். கடன் 30,000 குறைகிறது, விலை வித்தியாசம் 40,000-ஐ ரொக்கமாகக் கட்டவேண்டும்.

வீவக வீட்டுக்கு மதிப்பு ஒன்றுதான். தனியார் வீட்டுக்கு ஒவ்வொரு வங்கியும் தன் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளரிடம் கேட்கிறது, ஆகவே இன்னொரு வங்கியில் வேறு எண் வர வாய்ப்பு உண்டு. ஓடிபி நாள் மிச்சமிருந்தால் கேட்டுப் பாருங்கள். இனி வாங்குபவர்கள் ஓடிபிக்குப் பணம் கொடுக்கும் முன்பே இரண்டு மூன்று வங்கிகளில் உத்தேச மதிப்பு கேட்டு, அதில் மிகக் குறைந்ததை வைத்து ரொக்கத்தைத் திட்டமிடுங்கள்.

புது கொண்டோவுக்கு ஒப்பந்த விலை 1,500,000. கட்டுமான நிறுவனம் 30,000 வெள்ளி திருப்பித் தருகிறது. கடன் எந்தத் தொகைக்கு?
(வாசகர், பொங்கோல்)

1,470,000-க்கு. தள்ளுபடி, திருப்பித் தரும் பணம், பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் விலையில் கழித்த பிறகே எல்டிவி பார்க்கப்படும். 75 விழுக்காடு 1,102,500. சலுகையை வங்கியிடம் மறைக்கச் சொல்லும் முகவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

மதிப்பு என் விலையைவிட 20,000 கூடுதலாக வந்திருக்கிறது. கூடுதல் மதிப்பின் மீது கடன் வாங்கலாமா?
(வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

இல்லை. குறைந்தது விலை என்பதால் விலையின் மீதுதான் கடன். ஆனால் முத்திரைத் தீர்வை நேர்மாறு: விலையிலும் சந்தை மதிப்பிலும் எது கூடுதலோ அதன் மீது வசூலிக்கப்படும்.

அப்பாவின் வீட்டுக் கடனில் என் பெயரும் இருக்கிறது. ஒரு காசுகூட நான் கட்டியதில்லை. என் முதல் வீட்டுக்குக் கேட்ட கடனில் 45 விழுக்காடுதான் போட்டிருக்கிறார்கள்.
(வாசகர், உட்லண்ட்ஸ்)

தவணையை யார் கட்டுகிறார் என்று வங்கி பார்ப்பதில்லை. கடன் வாங்கியவர் என்று உங்கள் பெயர் இருக்கிறது, கடன் இன்னும் முடியவில்லை. ஆகவே இப்போது கேட்பது உங்களுக்கு இரண்டாவது வீட்டுக் கடன். அதற்கு வரம்பு 45, கட்டாய ரொக்கம் 25 விழுக்காடு. கடன் காலமோ வயதோ நான் மேலே சொன்ன எல்லையைத் தாண்டினால் 25-க்கே இறங்கும். மீதிக் கடன் சிறியது என்றால் அப்பாவுடன் பேசி அதை முழுதாக அடைத்துவிட முடியுமா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் பெயரை அந்தக் கடனிலிருந்து எடுக்க, அப்பா தன் வருமானத்தில் மட்டும் அதைச் சுமக்கத் தகுதி பெறவேண்டும். அது நடந்துவிட்டதற்கான எழுத்துச் சான்று உங்கள் கைக்கு வரும்வரை எந்த ஓடிபிக்கும் பணம் கொடுக்கவேண்டாம்.