எலக்ட்ரோலைட் ஊறும் நேரமும் செல்லின் முதல் சார்ஜும்

கேள்வி: சோதனை முயற்சியாக 2 Ah பை செல்கள் செய்கிறோம், ஒரு முனை என்.எம்.சி., மறுமுனை கிராஃபைட். எலக்ட்ரோலைட் நிரப்பிய நான்கு மணி நேரத்தில் C/2 வேகத்தில் சார்ஜ் ஏற்றுகிறோம். கொள்ளளவு செல்லுக்குச் செல் மாறுகிறது, சில செல்கள் உப்புகின்றன. ஆலைகளைப் போல நாள்கணக்கில் காத்திருக்கத்தான் வேண்டுமா?

பதில்: கொள்ளளவு குறைந்த செல் ஒன்றை முழுதாக சார்ஜ் செய்து, ஆர்கான் நிரப்பிய கிளவ் பாக்ஸுக்குள் பிரித்துப் பாருங்கள். வெளியே பிரிக்கக் கூடாது, தீப்பிடிக்கும். லித்தியம் முழுமையாகப் புகுந்த கிராஃபைட் பொன்னிறமாக இருக்கும். நடுவில் கறுப்புத் திட்டுகள் தெரிந்தால் எலக்ட்ரோலைட் அங்கே போய்ச் சேரவே இல்லை. திட்டின் விளிம்பில் சாம்பல் படிவு இருந்தால், அது கிராஃபைட்டுக்குள் புகாமல் உலோகமாகவே படிந்த லித்தியம். நான்கு மணி நேர ஊறலுக்குப் பின் C/2 என்றால், இந்தக் கறுப்பையும் சாம்பலையும்தான் எதிர்பார்க்கிறேன்.

திரவம் அடுக்கின் ஓரங்களிலிருந்து உள்ளே ஊறுகிறது. மின்முனைப் பூச்சின் துளைகள் மிக நுண்ணியவை; செப்பரேட்டரின் துளைகள் அவற்றினும் சிறியவை, அதன் பாலிஎத்திலீனும் எளிதில் நனையாது. சுற்றிலும் நனைந்துவிட்டால் நடுவில் சிக்கிய காற்றுக்கு வெளியேற வழியில்லை. அதனால்தான் முதலில் வெற்றிடமாக்கி, எலக்ட்ரோலைட்டை இரண்டு மூன்று தவணையாக ஊற்றி, இடையிடையே அழுத்தத்தை ஏற்றி இறக்குகிறார்கள். பிறகு 40 முதல் 45 டிகிரியில் ஊறவிடுகிறார்கள். சூட்டில் திரவம் இளகி விரைவாகப் பரவும். அதற்காக 60 டிகிரிக்குப் போகாதீர்கள். LiPF6 உப்பு சிதையத் தொடங்கும்.

ஊறல் முடிந்ததா என்று அறிய 1 kHz மின்தடையை மணிக்கொரு முறை அளக்கலாம். இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிற்கும். ஆனால் இந்த அளவீட்டை முழுதாக நம்ப வேண்டாம். பரப்பில் சில சதவீதம் மட்டுமே வறண்டிருந்தால் அது மின்தடையில் தெரியாது. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு செல்லைப் பிரித்துப் பார்ப்பதே உறுதியான வழி.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிரப்பிய செல்லின் மின்னழுத்தம் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். அந்த நிலையில் நீண்ட நேரம் விட்டால் கிராஃபைட்டைத் தாங்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். கரைந்த செப்பு பின்னர் படிந்து செல்லுக்குள் குறுக்குச்சுற்றை உண்டாக்கலாம். எனவே முதல் சில மணி நேரத்துக்குப் பின் மிகச் சிறிய மின்னோட்டத்தில் 1.5 முதல் 2 வோல்ட் வரை ஏற்றிவிட்டு, ஊறலைத் தொடருங்கள்.

மின்னழுத்தம் ஏறக்குறைய 2.8 வோல்ட்டைத் தாண்டும்போதுதான் அடுத்த வேலை ஆரம்பிக்கிறது. எலக்ட்ரோலைட்டில் உள்ள எத்திலீன் கார்பனேட் கிராஃபைட்டின் மேல் சிதைந்து, எஸ்.இ.ஐ. என்ற மெல்லிய படலமாகிறது. அந்தப் பெயரை 1979இல் இமானுவேல் பெலெட் வைத்தார். லித்தியம் அயனியைக் கடக்கவிட்டு எலக்ட்ரானைத் தடுக்கும் இந்தப் படலம்தான் எலக்ட்ரோலைட் மேலும் சிதையாமல் காக்கிறது. அதற்கு விலை உண்டு. உங்கள் செல்லுக்குள் முதல் சார்ஜில் 2.25 Ah போய், 2.0 Ah திரும்பினால், 11 சதவீதம் போயிற்று. அதில் ஒரு பங்கு என்.எம்.சி. முனையின் இழப்பு, மீதியில் பெரும்பகுதி படலத்தில் அடைபட்ட லித்தியம்.

படலம் உருவாகும்போது எத்திலீன் போன்ற வாயுக்களும் வரும். வேகமாக ஏற்றினால் குமிழ்கள் அடுக்குகளுக்கிடையே சிக்கி, புதிதாக வறண்ட இடங்களை உண்டாக்கும். எனவே முதல் ஆறு மணி நேரம் C/20, அதாவது 100 mA கொடுங்கள். பின்னர் 400 mA. சுமார் நான்கு மணி நேரத்தில் நிரம்பிவிடும். இறக்க மேலும் ஐந்து மணி நேரம். அதன்பின் பையின் ஓரத்தில் விட்ட வாயு அறையை வெற்றிடத்தில் துளைத்து, வாயுவை நீக்கி, அறையை வெட்டி மூடுங்கள். மூடிய பிறகும் செல் உப்பினால் முதலில் ஈரத்தைச் சந்தேகியுங்கள்: மின்முனைகள் போதிய அளவு உலராமல் இருக்கலாம்.

மெதுவாக ஏற்றுவதே ஒரே வழி என்றும் சொல்ல முடியாது. 2024இல் ஸ்டான்ஃபோர்டு குழு முதல் சார்ஜை 20 நிமிடத்தில் அதிக மின்னோட்டத்தில் முடித்து, செல்களின் ஆயுள் சராசரியாக 50 சதவீதம் கூடியதாக வெளியிட்டது. வழக்கமாக 9 சதவீதமாக இருக்கும் லித்தியம் இழப்பு அதில் சுமார் 30 சதவீதம். ஆனால் நன்றாக நனைந்த செல்லில்தான் அதை முயல முடியும். உங்கள் செல்கள் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை.

ஆலைகளில் பெரும்பகுதி நாள்கள் போவது இதற்கும் பிறகுதான். செல்களை ஒன்று முதல் மூன்று வாரம் கிடத்தி, சார்ஜ் இல்லாமலே மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். நுண்ணிய உலோகத் துகள் செப்பரேட்டரைத் துளைத்திருந்தால், அந்தச் செல் நாளொன்றுக்குச் சில மில்லிவோல்ட் கூடுதலாக இறங்கும். நீங்கள் இதைப் பத்து நாளில் பார்க்கலாம்: ஒரே வெப்பநிலையில், மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் அளந்து, கூட்டத்திலிருந்து விலகும் செல்லை ஒதுக்குங்கள். முதலிரண்டு நாள் அளவைக் கணக்கில் எடுக்க வேண்டாம். சார்ஜுக்குப் பின் மின்னழுத்தம் இன்னும் அமைதியடைந்திருக்காது.