விழுந்துவிட்ட சாம்பல் எப்படி இரண்டு வருடம் குளிர வைக்கும்?

கேள்வி: பெரிய எரிமலை வெடித்தால் சாம்பல் சூரியனை மறைத்து உலகமே ஓரிரு வருடம் குளிரும் என்கிறார்கள். சாம்பல் சில நாளில் கீழே விழுந்துவிடாதா?

விழுந்துவிடும். உங்கள் சந்தேகம் சரி. குளிர வைப்பது சாம்பல் இல்லை, கந்தகம்.

இதே கேள்வியை என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நான் இயற்பியல் ஆசிரியர். அதுவரை பல வருடம் "சாம்பல் மறைக்கும்" என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அன்று பதில் சொல்ல முடியாமல் நின்றது இன்னும் உறுத்துகிறது. அதற்கப்புறம் தேடித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வானிலை விஞ்ஞானி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1991 ஜூன் 15 அன்று வெடித்தது. சாம்பலோடு சேர்ந்து ஒன்றரை கோடி முதல் இரண்டு கோடி டன் வரை கந்தக டை ஆக்சைடு வாயு, மேகங்களுக்கும் மேலே இருக்கும் அடுக்கு மண்டலத்துக்குள் போய்ச் சேர்ந்தது. ஓசோனை அளப்பதற்காக அனுப்பிய செயற்கைக்கோள் கருவியே இந்த வாயுவையும் அடையாளம் கண்டு அளந்தது.

சாம்பல் கனமானது, பெரும்பகுதி சில நாட்களில் இறங்கிவிட்டது. வாயு அங்கேயே நின்றது. அடுத்த சில வாரங்களில் அது நீராவியோடும் மற்ற வேதிப்பொருட்களோடும் வினைபுரிந்து கந்தக அமிலத் துளிகளாக மாறியது. ஒரு துளியின் அகலம் சுமார் அரை மைக்ரான். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட வராது. இந்த அளவுதான் விஷயமே. சூரிய ஒளியின் அலைநீளமும் ஏறத்தாழ இதே அளவு என்பதால், துளிகள் ஒளியை நன்றாகச் சிதறடித்து ஒரு பகுதியை விண்வெளிக்கே திருப்பிவிடும். பூமியிலிருந்து வெளியேறும் வெப்பக்கதிரின் அலைநீளமோ பல மடங்கு பெரியது. அதில் பெரும்பகுதி இந்தத் துளிகளைத் தாண்டிப் போய்விடும். வருவது குறைகிறது, போவது அந்த அளவுக்குக் குறைவதில்லை. அதனால் தரை குளிர்கிறது.

சரி, ஏன் இரண்டு வருடம்? அடுக்கு மண்டலத்தில் மழை கிடையாது. இதே துளிகள் கீழே, மேகங்கள் உள்ள மட்டத்தில் இருந்தால் ஓரிரு வாரத்தில் மழை கழுவிவிடும். மேலே அவை தாமாக மெல்ல இறங்க வேண்டும், அல்லது காற்றோட்டம் துருவப் பக்கம் இழுத்துப்போய்க் கீழே இறக்க வேண்டும். பினாட்டுபோ வெப்பமண்டலத்தில் இருப்பதால் அதன் துளிகள் இரண்டு அரைக்கோளங்களிலும் பரவின. 1992-இல் உலக சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி குறைந்தது. அந்தச் சமயம் எல் நினோ வேறு வெப்பத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது, அப்படியும் குறைந்தது. நாசாவின் ஜேம்ஸ் ஹேன்சன் குழு கிட்டத்தட்ட இதே அளவை 1992 தொடக்கத்திலேயே கணித்துச் சொல்லியிருந்தது.

"அரை டிகிரி ஒரு விஷயமா?" என்று யாராவது கீழே கேட்பார்கள். பனியுகத்தின் உச்சத்துக்கும் அதற்குப் பிந்தைய காலத்துக்கும் உலக சராசரியில் இருந்த வித்தியாசமே ஆறு டிகிரி அளவில்தான். இன்னொன்று, சராசரி குறைந்தால் எல்லா ஊரும் எல்லா மாதமும் குளிரும் என்று அர்த்தமில்லை. பினாட்டுபோவுக்கு அடுத்த குளிர்காலத்தில் வட ஐரோப்பா வழக்கத்தைவிட மிதமாகத்தான் இருந்தது.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். அவர்கள் "சாம்பல் போர்வை" என்று தலைப்பு வைத்து, கரும்புகைப் படமும் போட்டு வெளியிட்டார்கள். கட்டுரை மறுத்த கருத்தையே தலைப்பு சொன்னது. படித்தவர்கள் என்னைத்தான் குறை சொன்னார்கள். திருத்தம் போடச் சொல்லி இரண்டு முறை எழுதினேன், பதிலே இல்லை.

வெடிப்பின் பிரம்மாண்டத்தை வைத்துக் குளிர்ச்சியை எடைபோட முடியாது. அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் 1980-இல் மலையின் ஒரு பக்கமே பெயர்ந்துபோகும் அளவுக்கு வெடித்தது. ஆனால் வெளியிட்ட கந்தக வாயு சுமார் 10 லட்சம் டன்தான். உலக வெப்பநிலையில் கவனிக்கத்தக்க மாற்றம் இல்லை. மெக்சிகோவின் எல் சிச்சோன் 1982-இல் சுமார் 70 லட்சம் டன் அனுப்பியது, அதன் துளிப்படலம் உலகைச் சுற்றியது. அதற்காக வாயு இரட்டிப்பானால் குளிர்ச்சியும் இரட்டிப்பாகும் என்று கணக்குப் போடாதீர்கள். வாயு மிக அதிகமானால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகும், ஒளியைச் சிதறடிக்கும் திறன் குறையும், சீக்கிரம் விழவும் செய்யும்.

2022 ஜனவரியில் டோங்கா அருகே கடலடி எரிமலை வெடித்து அதன் புகைத்தூண் 50 கிலோமீட்டருக்கும் மேலே போனபோது, அடுத்த வருடம் குளிருமா என்று எனக்குத் தெரிந்தவர்கள் பலர் கேட்டார்கள். நான் தேடிப் பார்த்தது ஒரே ஒரு எண்ணை. கந்தக வாயு சுமார் 5 லட்சம் டன் என்று வந்தது. பினாட்டுபோவில் முப்பதில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. பெரிதாகக் குளிராது என்று சொன்னேன்.