ஒரு பக்கம் தாங்கும் பஃபர் மறுபக்கம் ஏன் கவிழ்கிறது?

கேள்வி: 0.1 மோலார் அசிட்டேட் பஃபர், pH 5.76, 100 மில்லி செய்தேன். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மில்லி விட்டால் 5.4-க்கு இறங்குகிறது. அதே அளவு சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் 11 பக்கம் எகிறிவிடுகிறது! pH 4.76-ல் செய்த 0.1 மோலார் பஃபர் இரண்டுக்குமே பெரிதாக அசையவில்லை. செறிவு ஒன்றுதானே? ஹெண்டர்சன்-ஹாசல்பால்க் சமன்பாட்டில் அசிட்டேட்டுக்கும் அமிலத்துக்கும் உள்ள விகிதம் மட்டும்தானே இருக்கிறது, செறிவுக்கு அதில் என்ன வேலை?

பதில்: விகிதத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, குடுவைக்குள் எத்தனை மில்லிமோல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். 100 மில்லியில் 0.1 மோலார் என்றால் அமிலமும் அசிட்டேட்டும் சேர்ந்து 10 மில்லிமோல். அசிட்டிக் அமிலத்தின் pKa 4.76, ஆகவே pH 4.76-ல் அமிலம் 5, அசிட்டேட் 5. pH 5.76-ல் விகிதம் ஒன்றுக்குப் பத்து, அதாவது அசிட்டேட் 9.09, அமிலம் வெறும் 0.91.

நீங்கள் விட்ட 1 மில்லி காரத்தில் இருப்பது 1 மில்லிமோல். அதை எதிர்கொள்ள வேண்டியது அமிலம், அது இருப்பதோ 0.91. முழுவதும் தீர்ந்த பிறகும் 0.09 மில்லிமோல் காரம் மிஞ்சுகிறது, அதைப் பிடிக்க ஆளில்லை, 101 மில்லியில் அது சுமார் 0.0009 மோலார், pH 11-ஐத் தொட்டுவிடுகிறது. உங்கள் அளவீட்டில் தப்பே இல்லை, அந்தக் குடுவையில் அந்த நிமிடம் பஃபர் என்ற ஒன்றே கிடையாது, சோடியம் அசிட்டேட் கரைசலில் கொஞ்சம் காரம் கலந்திருக்கிறது, அவ்வளவுதான். அமிலம் விட்டபோது கதை வேறு: அசிட்டேட் 9.09-லிருந்து 8.09 ஆனது, அமிலம் 1.91 ஆனது, pH 5.39.

இப்போது pH 4.76 குடுவைக்கு வாருங்கள். 1 மில்லிமோல் எந்தப் பக்கம் விட்டாலும் 5:5 என்பது 6:4 ஆகிறது. 6/4-இன் லாகரிதம் 0.18. ஆக pH 4.58 அல்லது 4.94, அசையவே இல்லை என்று தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை.

சரி, செறிவு எங்கே? நீங்கள் சொன்னது உண்மைதான், pH-ஐ முடிவுசெய்வது விகிதம் மட்டுமே. ஆனால் பஃபர் தாங்குமா என்ற கேள்வி pH எவ்வளவு என்பதைப் பற்றியது அல்ல, வெளியிலிருந்து ஒரு அளவு அமிலமோ காரமோ வந்தால் அந்த விகிதம் எவ்வளவு சிதையும் என்பதைப் பற்றியது. வெளியிலிருந்து வருவது விகிதமாக வருவதில்லை, மோல்களாக வருகிறது. 5-லிருந்து 1 போனால் ஐந்தில் ஒரு பங்குதான் நட்டம். 0.5-லிருந்து 1 போகவே முடியாது. உங்கள் 4.76 பஃபரைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள், மீட்டர் கிட்டத்தட்ட அதே 4.76-ஐத்தான் காட்டும், நல்ல பஃபர் என்று நம்பிவிடுவீர்கள். அதில் 100 மில்லி எடுத்து அதே 1 மில்லி அமிலத்தை விட்டால் இருக்கும் 0.5 மில்லிமோல் அசிட்டேட்டும் தீர்ந்து, pH 2.3-க்கு விழும்.

இரண்டையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம். அமிலம் a, இணை காரம் b, இரண்டும் மோலாரில். மிகச் சிறிய அளவு d விட்டால் ஒரு பக்கம் d/a, மறுபக்கம் d/b என்ற பங்கு மாறுகிறது, லாகரிதத்தில் இரண்டும் கூடிவிடும். ஆக pH நகர்வது 1/a + 1/b-ஐப் பொறுத்தது. இந்தக் கூட்டலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், a, b இரண்டில் எது சிறியதோ அதுதான் மொத்தத்தையும் ஆட்டிவைக்கிறது. இன்னொன்று 9 மில்லிமோல் இருந்தாலும் 90 இருந்தாலும் பெரிய உதவி இல்லை. இதைத் தலைகீழாக்கினால் வருவதுதான் தாங்கல் திறன், 1922-ல் வான் ஸ்லைக் வரையறுத்தது:

```
β = 2.303 × a × b / (a + b)
```

மொத்தம் மாறாமல் இருக்கும்போது a × b பெரிதாக இருப்பது இரண்டும் சமமாக இருக்கையில்தான். அங்கே β, மொத்தச் செறிவின் 0.576 மடங்கு. விகிதம் பத்து ஆனால் 0.19 மடங்கு, அதாவது உச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு. நூறு ஆனால் உச்சத்தில் 4 சதவீதம்கூடத் தேறாது. பாடப்புத்தகத்தில் வரும் ‘pKa-வுக்கு இருபுறமும் 1’ என்ற எல்லை இங்கிருந்துதான் வருகிறது. என்னைக் கேட்டால் அது தாராளமான எல்லை, அந்த ஓரத்தில் நின்றுகொண்டுதான் நீங்கள் இப்போது கஷ்டப்படுகிறீர்கள். 0.5-க்குள் இருந்தால் உச்சத் திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு கையில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. β என்பது அந்த இடத்துச் சரிவு மட்டுமே, சிறிய சேர்க்கைக்குத்தான் அது செல்லும். உங்கள் 5.76 பஃபருக்கு β 0.019, 0.01 மோலார் சேர்த்தால் 0.53 நகரும் என்று கணக்கு சொல்லும். அமிலப் பக்கம் நகர்ந்தது 0.37தான், ஏனென்றால் pKa-வை நோக்கிப் போகப் போகத் திறன் கூடுகிறது. காரப் பக்கம் ஐந்துக்கும் மேல்! ஆகவே சேர்க்கை பெரிதென்றால் β-வை விட்டுவிட்டு, மேலே செய்தபடி மில்லிமோல் கணக்கே போடுங்கள்.

அப்புறம் என்ன செய்வது? pH 5.76 கட்டாயம் என்றால் இரண்டு வழி. அசிட்டேட்டையே வைத்துக்கொண்டு மொத்தத்தை 0.33 மோலாருக்கு ஏற்றினால் அமிலம் 3, அசிட்டேட் 30 மில்லிமோல் ஆகும், அதே காரத்துக்கு pH 5.95-ல் நிற்கும். ஆனால் உப்பு அதிகமாகிவிடும், நொதிகளுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம், மீட்டரும் கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். இன்னொரு வழி, pKa 6.15 அளவில் இருக்கும் எம்.இ.எஸ். பஃபருக்கு மாறுவது. வெறும் 0.1 மோலாரிலேயே அமில வடிவம் 7.1, கார வடிவம் 2.9 மில்லிமோல் இருக்கும், காரம் விட்டால் இதுவும் 5.95, அமிலம் விட்டால் 5.52. மூன்றில் ஒரு பங்கு பொருளில் அதே வேலை நடக்கிறது, உங்கள் வினைக்கு எம்.இ.எஸ். இடைஞ்சல் இல்லையென்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

எதைச் செய்தாலும், உங்கள் வினையில் எவ்வளவு அமிலமோ காரமோ வெளிவரும் என்று முதலில் மதிப்பிடுங்கள். அதை எதிர்கொள்ளும் வடிவம் அதைப்போல் பத்து மடங்கு இருந்து, மற்ற வடிவமும் அதற்குக் குறையாமல் இருந்தால் நகர்வு 0.1-ஐத் தாண்டாது. பிறகு, செய்த பஃபரில் 20 மில்லி எடுத்து 1 மோலார் காரம் 0.2 மில்லி, வேறொரு 20 மில்லியில் அமிலம் 0.2 மில்லி விட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், அமிலம் மட்டும் விட்டுப் பார்த்திருந்தால் உங்கள் 5.76 பஃபர் பிரச்சினை இல்லாததாகவே தெரிந்திருக்கும்.